பன்னிரண்டால் பெருக்கிய முப்பத்தொரு பேர்

ஓசூரிலிருந்து தளி போகும் சாலையில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வகுப்புக்குப் பாடம் எடுப்பவர் அந்த வகுப்பின் தேர்வுத் தாள்களைத் திருத்தக் கூடாது. பத்தாம் வகுப்பில் தமிழ்ப் பிரிவு ஒன்று, கன்னடப் பிரிவு ஒன்று. தமிழ்ப் பிரிவுக்குக் கணக்கு நான். கன்னடப் பிரிவுக்கு இன்னொரு டீச்சர். என் பிள்ளைகளின் தாள் அவரிடம் போகும், அவர் பிள்ளைகளின் தாள் என்னிடம் வரும். அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். எனக்குக் கன்னடத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. "கணக்குக்கு என்ன பாஷைங்க டீச்சர், எண்ணும் எக்ஸும் எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்பார் தலைமையாசிரியர். தெலுங்குக்காரர். ஒரு விஷயத்தை ஒரு தடவைக்கு மேல் யோசிப்பது அவர் வழக்கமில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து நான்கு வயது. நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து வேலை கிடைத்து வந்திருந்தேன். இப்போது வரிசையாகத் தொழிற்சாலைகள் நிற்கிற இடமெல்லாம் அன்றைக்கு ராகிக் கொல்லை. கார்த்திகை பிறந்தால் காலை ஒன்பது மணி வரை பனி விலகாது. கடலோரத்தில் வேர்த்துக்கொண்டே வளர்ந்த எனக்கு முதல் வருடம் முழுக்க மூக்கு ஒழுகியது. வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுவார், பால்காரி கன்னடம் பேசுவாள், கடைத்தெருவில் யார் எதில் பேசுவார்கள் என்று அவர்கள் வாயைத் திறக்கும்வரை தெரியாது. தமிழ் பேசுகிறவர்களும் இருந்தார்கள். என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் எதற்கும் முணுக்கென்று கோபப்படுகிற ஆள். சிரித்த கடைக்கு மறுபடி போகமாட்டேன். இப்படி ஒவ்வொரு கடையாக விட்டு, கடைசியில் சோப்பு வாங்க அரை மைல் நடக்கவேண்டியதாயிற்று. முதல் சில மாதங்கள் சனிக்கிழமை பள்ளி விட்டு வந்தால் திங்கள் காலை வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன். தனிமை என்பது எனக்கு அந்த ஊரில்தான் தெரிந்தது, நன்றாகவே தெரிந்தது.

அந்தக் கன்னட டீச்சர் மட்டும் இல்லையென்றால் நான் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு ஓடியிருப்பேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். கணவர் கோலார் பக்கம் வேலையில் இருந்தார். இரண்டு பெண்களோடு என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். என் ஒழுகும் மூக்கைப் பார்த்து ஒரு ஞாயிறு வீட்டுக்குக் கூட்டிப்போய் மிளகுச் சாறு ஊற்றினார். அதன் பிறகு எல்லா ஞாயிறும் மதியச் சாப்பாடு அங்கேதான். ராகி உருண்டையை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான் மென்று மென்று முழிப்பதைப் பார்த்து அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு மட்டும் எனக்குக் கோபம் வந்ததில்லை. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை "ஏம்மா" என்பார்.

இரண்டாம் வருட அரையாண்டுத் தேர்வில் கணக்குக் கேள்வித்தாள் எடுக்கும் முறை அக்காவுடையது. அவரே கேள்வி எழுதி, தமிழிலும் கன்னடத்திலும் அச்சுக்கு அனுப்பினார். அதில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி: வர்க்கத்தைப் பூர்த்தி செய்து தீர்க்க.

3x² + 7x + 2 = 0

எங்கள் புத்தகத்தில் இதற்கு ஒரே வழிதான் உண்டு. முதலில் எல்லாவற்றையும் மூன்றால் வகுக்கவேண்டும். x² + (7/3)x = −2/3 என்று வரும். x-இன் குணகத்தில் பாதி 7/6. அதன் வர்க்கம் 49/36. அதை இரண்டு பக்கமும் கூட்டினால் இடது பக்கம் (x + 7/6)² என்று முழு வர்க்கமாகிவிடும். வலது பக்கம் 49/36-இலிருந்து 24/36 போக 25/36. வர்க்கமூலம் எடுத்தால் x + 7/6 என்பது +5/6 அல்லது −5/6. ஆக x என்பது −1/3 அல்லது −2. வகுத்ததற்கு ஒரு மதிப்பெண், பாதியின் வர்க்கத்துக்கு ஒன்று, இப்படி ஐந்து படிக்கு ஐந்து. விடைக்குறிப்பில் அப்படித்தான் எழுதி வைத்துக்கொண்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் பாதிப் பேர் பின்னத்தில் விழுந்து எழுந்திருக்கவே மாட்டார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும்.

தாள்கள் வந்த சனிக்கிழமை காலை வெயிலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் தாளில் கேள்விக்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே:

36x² + 84x + 24 = 0
36x² + 84x + 49 = 25
(6x + 7)² = 25

பிறகு 6x + 7 = ±5. விடை −1/3, −2. விடை சரி. ஆனால் மூன்றால் வகுக்கவேண்டிய இடத்தில் இந்தப் பையன் எதற்காகப் பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறான்? அடுத்த தாளைப் பார்த்தேன். அதிலும் பன்னிரண்டு. அதற்கடுத்ததிலும். முப்பத்தொரு தாளிலும் பன்னிரண்டு. ஒன்றிரண்டு பேர் பெருக்கலில் தவறியிருந்தார்கள். ஆனால் அவர்களும் பன்னிரண்டால்தான் பெருக்கித் தவறியிருந்தார்கள்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பன்னிரண்டு என்பது இந்தக் கணக்குக்கு மட்டும் பொருந்துகிற ஒரு தந்திரம் என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டால் பெருக்கினால் இது அழகாக முடிகிறது. ஆனால் கேள்வியைப் பார்த்தவுடன் முப்பத்தொரு பேருக்கும் ஒரே எண் எப்படித் தோன்றும்? முன்கூட்டியே இந்தக் கேள்வி தெரிந்திருந்தால்தான் முடியும். கேள்வி எடுத்தவர் யார்? மேலே இருந்த கன்னட வரியில் ஏதாவது விளக்கம் இருக்கலாம் என்றுகூட நினைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியவில்லை. படிக்கத் தெரிந்த ஆள் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர்மேலேயே சந்தேகம் என்றான பிறகு அவரிடமே போய்ப் படித்துக் காட்டச் சொல்வது எனக்கு மானக்கேடாகப் பட்டது. அதைவிட, ஏமாற்றப்பட்டோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் எனக்குக் கண் மண் தெரியாது. ஒரு வருடம் சோறு போட்டது இதற்காகத்தானா என்று என்னென்னவோ நினைத்தேன். அந்த ஞாயிறு சாப்பிடப் போகவில்லை. முப்பத்தொரு தாளிலும் அந்தக் கேள்விக்குப் பூஜ்யம் போட்டு, திங்கள் காலை கட்டைத் தலைமையாசிரியர் மேஜைமேல் வைத்தேன்.

"நீங்க சொல்றது பெரிய குத்தம் டீச்சர். நல்லா யோசிச்சுட்டுத்தான் சொல்றீங்களா?" என்றார் அவர்.

"பாருங்க சார். எல்லாத்துலயும் பன்னெண்டு. கேள்வி முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். மதியத்துக்குள் பள்ளி முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கா ஆசிரியர் அறைக்கு வந்தார். அவர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மறுநாள் காலை தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, அன்று மதியமே கன்னடப் பிரிவுக்கு மறுபடியும் அந்த ஒரு கேள்வி, அதே மாதிரி வேறு எண்களோடு, நான்தான் எடுக்கவேண்டும், நான்தான் மேற்பார்வை என்றார். அதுவரை அக்கா வகுப்புப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார்.

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. யாரிடமும் காட்டாமல், பலகையில் எழுதுகிற நிமிடம்வரை என் மனத்துக்குள்ளேயே வைத்திருந்து எழுதினேன்:

2x² − 9x + 4 = 0

பிள்ளைகள் பலகையைப் பார்த்தார்கள். தளிப் பக்கக் கிராமங்களிலிருந்து கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பி வருகிற பிள்ளைகள் அதில் பலர். பிறகு பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. நான் மெதுவாக நடந்துபோய் ஒருவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் கன்னட வரியை எழுதினான். கீழே எழுதினான்:

16x² − 72x + 32 = 0

இந்தத் தடவை எட்டு. அடுத்த பெஞ்சிலும் எட்டு. கடைசிப் பெஞ்சிலும் எட்டு. நான் இந்தக் கேள்வியை எழுதி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முன்பு மூன்றுக்குப் பன்னிரண்டு. இப்போது இரண்டுக்கு எட்டு. முதல் குணகத்தைப்போல நான்கு மடங்கு. அவ்வளவுதான். அவ்வளவேதான். வருகைத் தாளின் பின்புறத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். ax² + bx + c = 0. நான்கு a-யால் பெருக்கு.

4a²x² + 4abx + 4ac = 0

4ac-ஐ அந்தப் பக்கம் தள்ளி, இரண்டு பக்கமும் b² கூட்டு.

4a²x² + 4abx + b² = b² − 4ac
(2ax + b)² = b² − 4ac

வர்க்கமூலம் எடுத்து, b-ஐத் தள்ளி, 2a-யால் வகுத்தேன்.

x = (−b ± √(b² − 4ac)) / 2a

இரண்டு வருடமாக நான் பிள்ளைகளைக் கோரஸாகக் கத்தவைத்துக்கொண்டிருந்த சூத்திரம். புத்தகத்தில் அதை வருவிக்க ஏழு வரி உண்டு. a-யால் வகுத்து, b-இன் கீழே 2a போட்டு, அதை வர்க்கமாக்கி, கீழே 4a² வரவழைத்து, பொதுப் பகுதி எடுத்து, வர்க்கமூலத்துக்குக் கீழே இருந்து 2a-யை வெளியே இழுத்து. அந்த ஏழு வரியையும் நான் தூக்கத்தில்கூட எழுதுவேன். ஆனால் 4ac-இல் அந்த நான்கு ஏன் என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கீழே ஏன் 2a என்றும் கேட்டதில்லை. இங்கே ஒரு பின்னம்கூட இல்லாமல், சூத்திரம் தானாக நடந்து வந்து முன்னால் நின்றது. என் பிள்ளைகள் பின்னத்தில் விழுந்தது அவர்கள் குற்றமில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கன்னடப் பிரிவில் முப்பத்தொரு பேர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தாள்களை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். முப்பது பேர் சரி, ஒருத்தி மட்டும் எழுபத்திரண்டை இருபத்தேழு என்று எழுதியிருந்தாள். குற்றம் எதுவுமில்லை, அது ஒரு முறை, புத்தகத்தில் இல்லாத முறை, தவறு என்னுடையது என்றேன்.

"அப்போ சரி. மார்க்கைப் போட்டுடுங்க" என்றார், அவ்வளவு லேசாக.

"அவங்க நேத்து உங்ககிட்ட இதைச் சொல்லலியா சார்?"

"நான் கேட்டேன். ஒண்ணுமே சொல்லலை. 'இன்னொரு தடவை பரீட்சை வைங்க சார், கேள்விய அந்த டீச்சரே எடுக்கட்டும்'னாங்க. அவ்வளவுதான்."

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் பெரிய பெண் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அக்கா வந்தார். மன்னிப்புக் கேட்டேன், அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"உக்காருங்க டீச்சர்" என்றார்.

அந்த 'டீச்சர்' எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

ஏன் நான்கு மடங்கு என்று கேட்டேன். அவர் ஒரு காகிதத்தை எடுத்து, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். "பசங்களுக்குப் பின்னம் ஆகாது. வகுத்தா பின்னம் வருது, அதனால பெருக்கிட்டேன். மூணால பெருக்கினா ஒம்பது எக்ஸ் ஸ்கொயர், அது மூணு எக்ஸோட ஸ்கொயர், அதுவரைக்கும் சரி. ஆனா நடுவுல இருக்குற ஏழைப் பாதியாக்கணும் இல்லீங்களா? மூணரை வரும், மறுபடி பின்னம். மேல இன்னொரு நாலால பெருக்கிட்டா அதுவும் போயிடுது." ஒரு சதுரம் வரைந்தார். உள்ளே 6x பக்கமுள்ள ஒரு சதுரம், அதன் வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் 6x நீளமும் 7 அகலமுமாக இரண்டு பட்டை. "இந்த ரெண்டு பட்டையும் சேந்துதான் எண்பத்து நாலு எக்ஸ். மூலையில மட்டும் காலியா இருக்கு பாருங்க, ஏழுக்கு ஏழு. நாப்பத்தொம்பது. அதைப் போட்டு மூடுறோம், அவ்வளவுதான்."

"அந்தக் கன்னட வரியில என்ன எழுதியிருந்தாங்க?" என்றேன்.

"'முதல் குணகத்தின் நான்கு மடங்கால் பெருக்குகிறோம்'னுதான். வேற என்ன இருக்கும்?" காகிதத்தை என்னிடம் கொடுக்காமல் மடித்துக்கொண்டார். "எனக்குக் கோபம் இல்லீங்க. என் பசங்க முகத்தைத்தான் பார்க்க முடியலை, ரெண்டு நாளா. நீங்க தாளை எடுத்துக்கிட்டு வந்து 'இது என்ன'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேர்த்துத்தான் சமைச்சிருந்தேன்."

நான் எழுந்தேன். "ஆய்த்து" என்றார், பேச்சு முடிந்தது என்கிற மாதிரி. இருந்து சாப்பிடு என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. பள்ளியில் முகம் திருப்பிக்கொள்ளமாட்டார்; வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வார், கேட்டால் பதில் சொல்வார். மதிப்பெண் பட்டியலை என் கையில் கொடுத்து, என் வகுப்பில் நாலைந்து பேர் வர்க்கமூலத்தில் கழித்தலை விட்டுவிட்டு ஒரே மூலத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள், கவனித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அந்தத் தாள்களின் ஓரத்தில் சிவப்பு மையில் சின்னச் சின்னதாக ± போட்டிருந்தார். பூஜ்யம் யாருக்கும் போடவில்லை.

தை, மாசி இரண்டு மாதமும் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தேன் என்று யோசித்தால் துணி துவைத்தது மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. துவைத்ததையே மறுபடி துவைத்திருக்கிறேன். இந்தப் பிளவை எப்படிச் சரிசெய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கடிதம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஒன்று தோன்றியது. அவருடைய முறையை என் வகுப்பில், அவர் சொன்னது என்று சொல்லி, எல்லோரும் கேட்க நடத்திவிடவேண்டும். பிள்ளைகள் வாய் வழியாக அது அவர் காதுக்குப் போகும். நாலு பேர் முன்னால் கெடுத்ததை நாலு பேர் முன்னால்தானே சரிசெய்ய முடியும்?

பங்குனியில் அதற்கு ஒரு நாள் வாய்த்தது. பள்ளியில் ஒரு பக்கம் ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால் இரண்டு பிரிவையும் ஒரே கூடத்தில், நடுவே மூங்கில் தட்டி வைத்து உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் கன்னடத்தில் நடத்துவது இந்தப் பக்கம் முழுக்கக் கேட்கும். இதைவிட நல்ல நேரம் வராது என்று பலகையில் 5x² + 8x + 3 = 0 என்று எழுதினேன். இருபதால் பெருக்கச் சொன்னேன். 100x² + 160x + 60. அறுபதைத் தள்ளி, எட்டின் வர்க்கம் அறுபத்து நான்கைக் கூட்டினால் (10x + 8)² = 4. பின்னமே வராமல் −3/5 என்றும் −1 என்றும் விடை வந்து நின்றதும் பிள்ளைகள் 'ஓ' என்று கத்தினார்கள். அதற்கு மேல் எழுத்தைப் போட்டுச் சூத்திரத்தையும் வரவழைத்தேன். கைதட்டல்கூடக் கேட்டது. என் வகுப்பில் யாராவது கை தட்டியது அதுதான் முதல் தடவை.

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். "புஸ்தகத்துல இப்படி இல்லையே டீச்சர். யார் சொன்னது இது?"

நான் அதற்காகவேதான் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். நாற்பது முகங்கள். அரையாண்டில் நடந்தது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். இது பக்கத்து வகுப்பு டீச்சருடைய முறை என்று சொன்னால், அன்றைக்கு நான் பூஜ்யம் போட்டது இதற்குத்தான் என்று அடுத்த நிமிடமே அவர்களுக்கு விளங்கிவிடும். கைதட்டின கைகள் இன்னும் இறங்கியிருக்கவில்லை.

"நானே போட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சேன்" என்றேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்காவின் குரல் நின்றது. பிள்ளைகள் இருமுவதும் பெஞ்சு நகர்வதும் மட்டும் கேட்டன. நான் எண்ணிக்கொண்டிருந்தேனோ என்னவோ, பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து அதே குரலில், கொஞ்சமும் வேகம் மாறாமல், மறுபடி நடத்த ஆரம்பித்தார்.

தட்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போக எட்டடி நடந்தால் போதும். நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலகை சுத்தமான பிறகும் மணி அடிக்கும்வரை அதைத் துடைத்துக்கொண்டே நின்றேன்.